இரண்டு நோன்புப் பெருநாள் வந்த நிதியாண்டு

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான நிதியாண்டில் மும்பையில் நோன்புப் பெருநாள் இரண்டு முறை வந்தது. முதலாவது 2024 ஏப்ரல் 11. இரண்டாவது, ஆண்டின் கடைசி நாளான 2025 மார்ச் 31. பிறைக் கணக்கில் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வதால் நேர்ந்தது இது. கணக்கு எழுதுபவர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். தாராவியின் தோல் பட்டறைகளில் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் கைவினைஞர்களில் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த முஸ்லிம்கள். வாரா வாரம் அவர்கள் கைக்கு வருவது சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்குமான தொகை மட்டும்தான்; அதற்குக் கர்ச்சி என்று பெயர். மீதிக் கூலி முதலாளியிடமே நின்று, பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தீர்க்கப்படும். ஆகவே கொடுத்த பணத்தை மட்டும் பார்த்துக் கூலி எழுதிய பட்டறையின் ஏட்டில், 2024-25இல் இரண்டு பெருநாள் பட்டுவாடா ஏறியிருக்கும். உழைப்பு என்னவோ பன்னிரண்டு மாதத்து உழைப்புதான்.

சிறு நிறுவனங்களின் கணக்கில் ஆண்டு முடிவில் போட வேண்டிய சரிக்கட்டுப் பதிவுகளைப் பற்றி ஒரு பழைய வாதம் உண்டு. 'போன வருஷமும் போடவில்லை, இந்த வருஷமும் போடவில்லை, ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்' என்பது அது. இந்த வாதத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே பொய்க்கிறது என்பதை முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு, கொடுபட வேண்டிய கூலி, சேர்ந்துவிட்ட வட்டி ஆகிய மூன்றையும் வைத்துப் பார்க்கலாம். மூன்றையும் பாடப்புத்தகம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஆனால் மூன்றும் பொய்க்கும் விதம் வேறு வேறு.

இந்த மூன்றும் ஏன் மார்ச் 31இல் மிச்சமாக நிற்கின்றன என்பதற்கு முதலாளியின் கவனக்குறைவு காரணமல்ல. காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு, பிரீமியம் முன்பணமாக வந்து சேராமல் நிறுவனம் இடர்ப்பொறுப்பை ஏற்கக் கூடாது என்கிறது. எனவே இந்தியாவில் பொதுக் காப்பீட்டுக்குக் கட்டும் தொகை பெரும்பாலும் முன்பணமே. கூலியில் இதற்கு நேர் எதிர். 2024-25இல் நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் ஊதியக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தால் போதும் என்று விட்டது. மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் முதல் வாரத்தில் கைமாறுவது அதனால்தான். வட்டிக்கோ சட்டமே தேவையில்லை. கடன் வாங்கிய மறுநாள் தொடங்கி அது ஒவ்வொரு இரவும் ஏறுகிறது, கேட்கும் நாள்தான் பிறகு வருகிறது. உழைப்பும் பாதுகாப்பும் வட்டியும் காலத்தால் ஓட, பணம் மட்டும் தனித் தேதிகளில் ஓடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சரிக்கட்டுப் பதிவு.

கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு பங்காளிகள் நடத்தும் ஒரு தாராவிப் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். தோல் பை தைக்கிறார்கள், எட்டுக் கைவினைஞர்கள், ஆண்டு விற்பனை 48 லட்சம் ரூபாய். முதலில் காப்பீடு. 2024 ஆகஸ்ட் 1 முதல் 2025 ஜூலை 31 வரைக்கான தீ, வெள்ளக் காப்பீட்டுக்கு 36,500 ரூபாய் பிரீமியம். உள்வரி வரவு எடுத்துக்கொள்வதால் ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவில்லை. நாளொன்றுக்கு 100 ரூபாய். மார்ச் 31 முடிய 243 நாள் கழிந்துவிட்டது, 122 நாள் மிச்சம். எனவே 24,300 ரூபாய் இந்த ஆண்டின் செலவு. 12,200 ரூபாய் முன்கூட்டிச் செலுத்திய காப்பீடாக இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் போக வேண்டும். முந்தைய பாலிசியின் பிரீமியம் 32,940. அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் 2024 பிப்ரவரி 29 விழுந்ததால் 366 நாள், நாளுக்கு 90 ரூபாய். அதில் 2024 ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான 122 நாளின் 10,980 ரூபாய், இந்த ஆண்டுக்குள் வந்து தீர்ந்தது. ஆக 2024-25இன் உண்மையான காப்பீட்டுச் செலவு 35,280 ரூபாய்.

இப்போது பழைய வாதத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். எந்தச் சரிக்கட்டும் செய்யாதவர் 36,500 ரூபாயைச் செலவாக எழுதியிருப்பார். இலாபத்தில் பிழை வெறும் 1,220 ரூபாய். 'பார்த்தீர்களா, ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது' என்று அவர் சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் அவருடைய இருப்புநிலைக் குறிப்பில் 12,200 ரூபாய் சொத்து முழுதாகக் காணாமல் போயிருக்கிறது. இலாபத்தில் ஏறுவது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசம். இருப்புநிலைக் குறிப்பில் ஏறுவது முடிவுத் தொகை முழுவதும். மூன்று சரிக்கட்டுகளுக்கும் பொதுவான விதி இது. ஆண்டுக்கு ஆண்டு மாறாத தொகையை விட்டுவிட்டால் இலாபம் ஏறக்குறைய தப்பிக்கும், இருப்புநிலைக் குறிப்பு ஒருநாளும் தப்பிக்காது. அதே 122 நாளுக்கான தொகை, காப்பீட்டு நிறுவனத்தின் ஏட்டில் இன்னும் சம்பாதிக்காத பிரீமியமாகப் பொறுப்புப் பக்கம் நிற்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் தன் பக்கத்தில் எழுதாமல் விட்டால், ஒரே ஒப்பந்தத்தின் ஒரு பாதி மட்டுமே உலகில் பதிவாகியிருக்கிறது.

காப்பீட்டில் இன்னொரு நியாயமான ஆட்சேபம் உண்டு. மும்பையில் வெள்ள ஆபத்து ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். டிசம்பர் மாதத்து நாளும் ஜூலை மாதத்து நாளும் ஒரே 100 ரூபாயா? ஆபத்தின் கனத்தை வைத்துப் பிரித்தால் மிச்சமிருக்கும் ஜூன், ஜூலைக்கு இன்னும் அதிகம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கனத்தை அளக்க ஒரு சிறு பட்டறையிடம் கருவி இல்லை. தீ ஆபத்துக்குப் பருவமும் இல்லை. நாள் கணக்கு யார் போட்டாலும் ஒரே விடை தருகிறது. அதனால் அதையே வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த 12,200 ரூபாய், பாலிசியை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை அல்ல. வாங்கியவரே இடையில் ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பது பாலிசியின் நிபந்தனையைப் பொறுத்தது. இங்கே சொத்து என்பது வரப்போகும் நாட்களின் பாதுகாப்பு. பங்காளி தன் பெயரில் எடுத்த ஆயுள் காப்பீட்டின் பிரீமியத்தையும் இதே தலைப்பில் போட்டு, அதிலும் முன்கூட்டிச் செலுத்தியது எவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது நிறுவனத்தின் செலவே அல்ல, அவருடைய எடுப்பு.

கூலிக்கு வருவோம். ஒருவருக்குச் சராசரியாக மாதம் 15,000 ரூபாய் என்றால் எட்டுப் பேருக்கு ஆண்டுக்கு 14,40,000 ரூபாய் உழைப்பு. 2024 மார்ச் 31இல் பெருநாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்ததால் பட்டறையில் நின்ற பாக்கி 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் 31 அன்றே பெருநாள். அதற்கு முந்திய நாட்களில் கணக்குத் தீர்ந்து, தீராத சில பீஸ்களுக்கு 20,000 ரூபாய் மட்டும் பாக்கி. ஆண்டில் கைமாறிய கூலி 16,00,000 ரூபாய். தொடக்கப் பாக்கியைக் கழித்து முடிவுப் பாக்கியைக் கூட்டினால்தான் 14,40,000 ரூபாய் வரும். மூலப்பொருள் 24 லட்சம், தொடக்க இருப்பும் முடிவு இருப்பும் சமம் என்று கொண்டால், உண்மையான மொத்த இலாபம் 9,60,000 ரூபாய், விற்பனையில் 20 சதவீதம். சரிக்கட்டு செய்யாதவரின் வியாபாரக் கணக்கு காட்டுவது 8,00,000 ரூபாய், 16.67 சதவீதம். பட்டறை ஓட்டத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது நாட்காட்டி மட்டுமே. ஆனால் ஏட்டைப் பார்ப்பவர் விலை தப்பாகப் போட்டோமோ, தோல் வீணாகிறதோ என்று தேடத் தொடங்குவார்.

நோன்புப் பெருநாள் மார்ச் 31ஐத் தாண்டுவது ஏறக்குறைய முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று ஆண்டுக்கு ஒருமுறை; அதற்காக வருஷா வருஷம் சரிக்கட்டா என்று கேட்கலாம். தாண்டுவது அபூர்வம்தான். ஆனால் 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11 என்று பெருநாள் நெருங்கி வந்த ஆண்டுகளிலும் மார்ச் 31இல் நிற்கும் பாக்கி ஒரே அளவில் நிற்காது. ஆர்டரின் வேகமும் மே விடுமுறைக்குத் திருநெல்வேலிக்குக் கிளம்பும் தமிழ்த் தொழிலாளர்களின் கணக்கும் அதில் கலக்கின்றன. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து டிபன் ஓட்டல் ஒன்றில் பரிமாறுபவர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் மாதச் சம்பளம், ஏழாம் தேதிக்குள் பட்டுவாடா என்றால், ஒவ்வொரு மார்ச் 31இலும் ஒரு மாதச் சம்பளம் நிற்கும். ஆள் கூடவில்லை, சம்பளம் ஏறவில்லை என்றால் பழைய வாதம் அங்கே இலாபத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட செல்லுபடியாகும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பீஸ் கணக்கும் கர்ச்சியும் உள்ள இடத்தில் அது செல்லாது. எந்த வகை நிறுவனம் என்று பார்க்காமல் வாதத்தைக் கடன் வாங்குவதே பிழை.

மொத்த இலாப விகிதம் தவறினால் என்ன கெட்டுப்போகும்? மும்பையில் அதற்கு ஒரு தேதியைச் சொல்லலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மீத்தி ஆறு பெருகி, அதன் கரையோரத் தாழ்நிலமான தாராவி உட்பட நகரின் பெரும்பகுதி நீரில் நின்றது. இருப்பும் ஏடும் சேர்ந்து நனைந்த இடத்தில், என்ன சரக்கு இருந்தது என்று எண்ணிப் பார்க்க முடியாது. அப்போது கையாளப்படும் முறை, விபத்து நாள் வரைக்குமான ஒரு நினைவுக்குறிப்பு வியாபாரக் கணக்கு. தொடக்க இருப்பு, அதுவரை வாங்கிய சரக்கு, கூலி ஆகியவற்றோடு முந்தைய ஆண்டுகளின் மொத்த இலாப விகிதத்தைச் சேர்த்து, விற்பனையைக் கழித்து, இருந்திருக்க வேண்டிய சரக்கை ஊகிப்பார்கள். நமது பட்டறைக்கு 2025 செப்டம்பரில் அப்படி ஒரு விபத்து என்று வைத்துக்கொள்வோம். தொடக்க இருப்பு 6 லட்சம், கொள்முதல் 11 லட்சம், கூலி 6 லட்சம், விற்பனை 22 லட்சம். 20 சதவீத விகிதத்தில் அழிந்த சரக்கு 5,40,000 ரூபாய் என்று வரும். 16.67 சதவீதத்தில் 4,66,667 ரூபாய்தான். 73,333 ரூபாய் குறைவு, மார்ச்சில் எழுதாமல் விட்ட ஒரு குறிப்பேட்டுப் பதிவால். சர்வேயர் வேறு சான்றுகளையும் பார்ப்பார் என்பது உண்மையே. ஆனால் நிறுவனமே எழுதிய விகிதம் அதற்கு எதிராகவே சாட்சி சொல்லும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்த 6 லட்சம் கூலியும் விபத்து நாள் வரை உழைத்த கூலியாக இருக்க வேண்டும், கொடுத்த கூலியாக அல்ல.

இருப்புநிலைக் குறிப்பின் பிழை வேறு ஒரு நாளில் வெளியே வரும்: பங்காளிகள் பிரியும் நாளில். இருவரும் சமப் பங்கு, ஒருவர் 2024 மார்ச் 31இல் விலகுகிறார் என்று கொள்வோம். கொடுபட வேண்டிய கூலி 1,80,000 ரூபாய் எழுதப்படவில்லை. முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு 10,980 ரூபாயும் எழுதப்படவில்லை. இரண்டையும் நேர்செய்தால் நிறுவனத்தின் மதிப்பு 1,69,020 ரூபாய் குறைய வேண்டும். எழுதாததால் விலகுபவர் 84,510 ரூபாய் கூடுதலாக எடுத்துக்கொண்டு போகிறார். பத்து நாள் கழித்துப் பெருநாள் பட்டுவாடா முழுவதும் இருப்பவர் தலையில் விழுகிறது. 'அடுத்த ஆண்டு சரியாகிவிடும்' என்ற வாதத்துக்குள் ஒளிந்திருக்கும் அனுமானம் இது: அடுத்த ஆண்டும் அதே மனிதர்கள் அதே பங்கில் இருப்பார்கள் என்பது.

இதில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அந்த 1,80,000 ரூபாய் யாருடையது என்பது. மீதிக் கூலியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை; ஏழு நாள்தான் கெடு. கைவினைஞரிடம் பெரும்பாலும் சம்பளச் சீட்டு கிடையாது. முதலாளியின் பீஸ் கணக்கு நோட்டே சான்று. அந்தப் பாக்கி, ஆள் பெயரோடு நிறுவனத்தின் பேரேட்டில் ஏறினால், அது கடன் என்று நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. அதனால்தான் ஒட்டுமொத்தத் தொகையாக ஊகித்துப் போடுவதை ஏற்க முடியாது. மார்ச் 31 மாலை நோட்டை மூடி, தைத்து முடித்த பீஸ், பாதியில் நிற்கும் பீஸ், அதுவரை கொடுத்த கர்ச்சி என்று ஆள்வாரியாக எடுக்க வேண்டும். ஒருவர் அதிகமாக வாங்கியிருந்தால் அது முன்பணம், சொத்துப் பக்கம் தனியாகப் போக வேண்டும். ஒருவருடைய முன்பணத்தை இன்னொருவருடைய பாக்கியில் கழித்து நிகரத் தொகை போடுவது அடிக்கடி நடக்கிறது; ஒருவர் கடனை மற்றவர் கூலியில் தீர்ப்பது போன்றது அது.

வட்டியில் பழைய வாதம் முதல் ஆண்டிலேயே முறிகிறது. பட்டறை 2025 ஜனவரி 1 அன்று செம்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில் 5 லட்சம் வாங்கியது, வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31இல் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. ஆனால் மூன்று மாதத்து 15,000 ரூபாய் ஏறிவிட்டது. போன ஆண்டு கடனே இல்லாததால் ஈடுகட்டத் தொடக்கப் பாக்கி எதுவும் இல்லை. விட்டுவிட்டால் இலாபம் அப்படியே 15,000 ரூபாய் மிகையாகும். வங்கிக் கடனில் இது சிறிதாகத் தெரியும், ஏனென்றால் 2002 ஏப்ரல் முதல் வங்கிகள் மாதந்தோறும் வட்டி ஏற்றுகின்றன. இருந்தும் மாதத் தவணை 10ஆம் தேதி என்றால், மார்ச் 10க்குப் பிந்தைய மூன்று வாரத்து வட்டி தவணை அட்டவணையில் ஏப்ரலில்தான் தெரியும்.

வட்டியை எழுதியவுடன் ஒரு கடமையும் கூடவே வருகிறது. கடன் வாங்கியவர் தனிமனிதராக இல்லாமல் பங்காளி நிறுவனமாக இருப்பதால், 2024-25க்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194ஏ பிரிவின்படி தனியாருக்கான இந்த வட்டியில் 10 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், பிடித்து ஏப்ரல் 30க்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். பணம் கொடுக்கும் நாளில்தான் பிடிப்பேன் என்பது எடுபடாது. கடன் கொடுத்தவர் பெயரைத் தவிர்த்து 'கொடுபட வேண்டிய வட்டி' என்று வரவு வைத்தாலும் அவருக்கே வரவு வைத்ததாகச் சட்டம் கொள்கிறது. இந்தத் தொல்லைக்கு அஞ்சியே வட்டியை எழுதாமல் விடுபவர்கள் உண்டு. கடன் என்னவோ அங்கேயேதான் இருக்கிறது.

கடைசியாக வரியை முன்வைத்து ஒரு எதிர்ப்பு. 44ஏடி பிரிவில் விற்பனையின் 8 சதவீதத்தை இலாபமாகக் காட்டினால் ஏடே வேண்டாம் (வங்கிவழி வரவுக்கு 6 சதவீதம்). 43பி பிரிவோ போனஸ், நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, வங்கிக் கடன் வட்டி போன்றவற்றைக் கட்டினால்தான் கழிக்க விடுகிறது. வரி அதிகாரியே ஏற்காததை ஏன் எழுத வேண்டும் என்கிறார்கள். இவை 2024-25க்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், உண்மைதான். ஆனால் கொடுபட வேண்டிய சாதாரணக் கூலியும் ஊர்க்காரருக்கான வட்டியும் 43பிக்குள் வரவே இல்லை, சேரும் அடிப்படையில் எழுதினாலே கழியும். அதற்குள் வருபவற்றுக்கும் 43பி வரிக் கணிப்பில் செய்யும் திருத்தம்தான், பேரேட்டிலிருந்து கடனை அழிக்கும் உத்தரவு அல்ல. சர்வேயரும் விலகும் பங்காளியும் பாக்கி கேட்கும் கைவினைஞரும் 44ஏடியைப் பார்த்து வருவதில்லை.

எழுதியவர்களும் தடுக்கி விழும் இடம் ஏப்ரல். மார்ச் 31இல் கூலிக் கணக்கில் 20,000 ரூபாய் பற்று வைத்து, கொடுபட வேண்டிய கூலியில் வரவு வைத்தாயிற்று. ஏப்ரலில் பணம் கொடுக்கும்போது பழக்கத்தில் மறுபடி கூலிக் கணக்கிலேயே பற்று வைத்தால், ஒரே உழைப்பு இரண்டு ஆண்டிலும் செலவாகும். கர்ச்சி கலந்த இடத்தில் எந்த ரூபாய் பழைய பாக்கிக்கு, எது புது வேலைக்கு என்று பிரிப்பது கடினம். அதனால் ஏப்ரல் 1 தேதியிட்டு முழுப் பதிவையும் திருப்பிப் போட்டுவிடுவது எளிது. டாலியில் இந்த இரண்டையும் F7 அழுத்தி வரும் சாதாரண Journal வவுச்சரில்தான் போட வேண்டும். பெயரைப் பார்த்து Reversing Journal என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது இடைக்கால அறிக்கைக்கான வவுச்சர். முடிவுக் கணக்கில் ஏறாது. திருப்பிப் போட மறந்துவிட்டதா என்று அறிய அடுத்த மார்ச்சில் மூன்று பேரேடுகளைத் திறந்தால் போதும். முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டில் அதே 12,200 ரூபாயும், கொடுபட வேண்டிய கூலியில் அதே 20,000 ரூபாயும், வட்டியில் அதே 15,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் அசையாமல் நின்றிருந்தால், சென்ற ஆண்டின் பதிவு இன்னும் திரும்பவில்லை.